கை நுழைந்தால் படம் மங்குகிறதா?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டாக்குமென்ட் கேமராவின் கீழ் தாளில் வரைந்து புரொஜெக்டரில் காட்டும்போது படம் அடிக்கடி மங்கித் தெளிகிறது. பென்சில் கோடு தெரிவதில்லை. எழுத்தும் தலைகீழாக வருகிறது. என்ன செய்யலாம்?

முதலில் படத்தை நேராக்கிவிடுங்கள். கேமராவின் தண்டு மேசைக்கு அந்தப் பக்கம், மாணவர்களை ஒட்டி நின்றால் தலைகீழாகத் தெரிவது இயல்புதான். கேமராவின் மென்பொருளில் 180 பாகை திருப்பினால் போதும். புரொஜெக்டரின் அமைப்பில் கை வைக்காதீர்கள். அதில் காட்டும் லேப்டாப் படம் முழுவதும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். திருப்பிய பின் தாளில் 'க' எழுதிப் பாருங்கள். 'ப' எழுதினால் இடம் வலம் மாறியிருப்பது தெரியாது. 'க' கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்தால் Mirror என்பதை அணைக்க வேண்டும்.

அடுத்து ஃபோகஸ். லேப்டாப்பில் உள்ள எழுத்தும் திரையில் மங்கலாகத் தெரிந்தால் கோளாறு புரொஜெக்டரில். அதன் லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். கேமரா படம் மட்டும் மங்கினால், உங்கள் கைதான் காரணம். கை நுழையும்போதெல்லாம் ஆட்டோஃபோகஸ் தாளை விட்டுக் கையைத் தேடிப்போகிறது. அச்சடித்த தாள் ஒன்றை வைத்து, கையை எடுத்துவிட்டு, ஒருமுறை ஃபோகஸ் செய்து, ஆட்டோவை அணைத்துவிடுங்கள். அப்புறம் தடித்த பாடநூலை வைத்தால் பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்; அப்போது மட்டும் மறுபடி ஒருமுறை ஃபோகஸ் செய்தால் சரி.

பென்சில் கோடு மறைவதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். தாளைச் சுற்றிக் கறுத்த மேசை தெரிகிறதா பாருங்கள். கேமரா மொத்தப் படத்தின் சராசரி வெளிச்சத்தைத்தான் கணக்கில் எடுக்கும். மேசை இருட்டாக இருப்பதால் எல்லாவற்றையும் வெளுப்பாக்கும். தாள் வெளிறிப்போய், மெல்லிய கோடு அதில் கரைந்துவிடும். கேமராவை இறக்கித் தாள் படச்சட்டம் முழுவதையும் நிரப்பும்படி வைத்தால் நிலைமை மாறும். ஆனால் இப்போது எங்கும் வெள்ளையாக இருப்பதால், கேமரா தாளையே சாம்பல் நிறமாக்கக்கூடும். அதனால் கேமரா உள்ளே எடுக்கும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரையும் ஆட்டோவில் விடாதீர்கள்.

விண்டோஸில் பல மென்பொருள்கள் கேமராவின் பண்புகளைத் திறக்கும்போது Camera Control என்ற பக்கத்தைக் காட்டும். அதில் Exposure எதிரே உள்ள Auto குறியை எடுத்துவிடுங்கள். அங்கே எண்கள் -5, -6, -7 என்று இருக்கும். ஒரு படி இறங்கினால் உள்ளே வரும் ஒளி பாதியாகும். தாளில் HB பென்சிலால் அழுத்தாமல் ஒரு வட்டவில் வரையுங்கள். தாள் பளீரென்று இருக்கும் எண்ணிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்குங்கள். தாள் வெளிச்சமாகவும் வில் தெளிவாகவும் தெரியும் முதல் எண்ணில் நிறுத்துங்கள். லேப்டாப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், கடைசி பெஞ்சுக்குப் போய்ப் புரொஜெக்டர் திரையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் திரையில் கோடு இன்னும் மங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடினால், குழல்விளக்கின் துடிப்பு அது. PowerLine Frequency என்பதை 50 Hz ஆக்குங்கள். வழவழப்பான பக்கத்தில் விளக்கின் வெள்ளைத் திட்டு விழுந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பயனில்லை. புத்தகத்தைச் சற்றுச் சாய்த்தோ நகர்த்தியோ வையுங்கள்.