குடியை நிறுத்திய மூன்றாம் நாள்: வார்டு சிஸ்டரிடம் கேள்விகள்

குடிநோய் வார்டில் 18 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இன்று லீவு, அதனால் நிதானமாகப் பதில் எழுத முடியும். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், ஆளைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

ராசிபுரம் மகள்: அப்பா தினமும் ரெண்டு குவார்ட்டர், பத்து வருஷமா. நேத்து ராத்திரியோட நிறுத்திட்டார். காலையில இருந்து கை நடுக்கம், வாந்தி. எப்ப சரியாகும்?

காத்திருக்காதீர்கள், இன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "தினமும் ரெண்டு குவார்ட்டர், கடைசியாக நேத்து இத்தனை மணிக்கு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கு அந்தக் கடைசி கிளாஸிலிருந்து ஓடுகிறது. ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிலருக்கு அதே சமயத்தில் யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கும். அதன் பிறகு பலரும் தெளிந்துவிடுவார்கள். ஒரு சிலருக்கு மட்டும் இரண்டு, மூன்றாம் நாளில் நிலைமை தலைகீழாகும். குழப்பம், காய்ச்சல், படபடப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது இதுதான், உயிருக்கே ஆபத்து. வலிப்போ குழப்பமோ தெரிந்தால் உடனே 108.

பீர் பார்ட்டி: நான் பீர் மட்டும்தான். எனக்கு இதெல்லாம் வராதுல்ல?

எட்டு சதவீத பீர் பெரிய பாட்டில் மூன்று குடித்தால், இரண்டு குவார்ட்டரில் உள்ள ஆல்கஹால் உள்ளே போய்விடும். தினமும் குடித்தால் உங்களுக்கும் வரும்.

மெடிக்கல் ஷாப் அண்ணன்: இது நரம்புத் தளர்ச்சிதான். பி காம்ப்ளக்ஸ் ஊசியும் ஒரு குளூக்கோஸ் பாட்டிலும் போட்டா தெளிஞ்சிடும். எங்க ஊர்ல அப்படித்தான் செய்யறோம்.

அண்ணே, பாதி சரி. குடிப்பவர்கள் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வறண்டு போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளூக்கோஸை ஏற்றினால், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் உடம்பு செலவழித்துவிடும். கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், ஆள் குழம்புவார். அதைத் தவறவிட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடலாம். முதலில் தயமின், அப்புறம்தான் குளூக்கோஸ். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்!

ஆனால் வலிப்புக்குக் காரணம் சத்துக் குறைவு இல்லை. சாராயம் மூளையை அமுக்கும். பத்து வருடம் ஒருவன் வெளியிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவனும் அதே பலத்தோடு முட்டுக்கொடுப்பான். வெளியில் இருப்பவன் திடீரென்று விலகினால் உள்ளே இருப்பவன் பாய்ந்து வந்து விழுவான் இல்லையா? மூளையும் அப்படித்தான் அடங்காமல் பாய்கிறது. குளோர்டயாசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மாத்திரைகள் சாராயம் அமுக்கிய அதே இடத்தில் வேலை செய்து, அவனை மெதுவாக உள்ளே நகர்த்துகின்றன. கல்லீரல் கெட்டிருந்தால் பொதுவாக லோராசிபாம்தான் கொடுப்பார்கள்.

தென்காசிக்காரர்: மூணாம் நாள்னு பயமுறுத்துறீங்களே, நேர்ல பார்த்திருக்கீங்களா?

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தார். திங்கள் மதியம் கடைசிக் குடி. குடிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை, கூட இருந்த மனைவியும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. செவ்வாய் காலை கை நடுங்கியது, வலியால் என்று நினைத்தார்கள். அன்று மாலை ஒரு வலிப்பு. தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. புதன் இரவு என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் வியர்வை, முறிந்த காலோடு எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருக்கிறார்! வெறுங்கையில் கரண்டி பிடித்த பாவனை. கலவையை அள்ளி, இழுத்து, மட்டம் பார்க்கிறார். "சித்தாள் எங்கம்மா போயிட்டா, கலவை காயுது" என்று என்னைத் திட்டினார். செய்த தொழிலையே கை செய்துகொண்டிருப்பது இந்த நோயில் அடிக்கடி பார்ப்பதுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் காத்து கருப்பு என்று வேப்பிலையே கொண்டு வந்துவிட்டார்கள். பிறகு நரம்பில் லோராசிபாம், தயமின், உப்புச்சத்துக் குறைவைச் சரி செய்வது, இரவெல்லாம் ஒரு ஆள் பக்கத்தில். சனிக்கிழமை நீண்ட தூக்கம். எழுந்ததும் சாப்பாடு கேட்டார். அந்த மூன்று நாளில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

குருசாமி: நான் வருஷா வருஷம் கார்த்திகைல மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்துறேன். ஒண்ணும் ஆகலையே?

அன்றாடம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, சாமி. எல்லோருக்கும் வலிப்பு வராது என்பது உண்மை. ஆனால் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கடுமையாகலாம். கார்த்திகை பிறந்த முதல் வாரம் எங்கள் வார்டில் கறுப்பு வேட்டிகள் தென்படும். ஒருவருக்கு ஐந்தாவது மாலையில்தான் முதல் வலிப்பு.

பெயர் வேண்டாம்: வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற மருந்து சொல்லுங்க சிஸ்டர்.

கூடாது. குடியை வெறுக்க வைக்கக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

இன்னொரு பெயர் வேண்டாம்: ஆயுர்வேதப் பொடின்னு விக்கிறாங்களே, அதைக் கலக்கலாமா?

மேலே பாருங்கள். பொடியில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்காவது தெரியுமா?

கோட்டயம் மருமகன்: தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா மாத்திரையே வேண்டாமே. 2020 லாக்டவுன்ல கேரள அரசே டாக்டர் சீட்டுக்கு மது கொடுக்கச் சொன்னாங்களே!

கொடுக்கச் சொன்னார்கள், டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடுத்தது. நடுக்கத்துக்கு மருந்து இருக்கும்போது விஷத்தையே சீட்டில் எழுதுவதா என்பது டாக்டர்கள் கேள்வி.

கோட்டயம் மருமகன்: கடை மூடினப்ப தற்கொலை, ஷேவிங் லோஷன் குடிச்சு சாவுன்னு நடந்துச்சே. அதுக்கு இது பரவாயில்லையா?

மெடிக்கல் ஷாப் அண்ணன்: அப்ப நான் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு கட்டிங் கொடுத்து அனுப்புறது தப்பில்லைங்கறீங்க?

அண்ணே, நீங்கள் மருந்துக் கடையா வேறு கடையா? மருமகனே, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில், நடுக்கம் தொடங்கியவரிடம் "ஒரு சொட்டுகூடத் தொடாதே" என்று நானும் சொல்லமாட்டேன். குறைத்து நிறுத்துவது கொள்கையளவில் சரி. அளந்து ஊற்றுவது யார் என்பதில்தான் அது உடைகிறது. மாலைப் பங்கைக் காலையிலேயே குடித்துவிட்டு, இரவு ஒன்றும் இல்லாமல் வலிப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரக் கடை மூடலுக்கு அரசு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் தனியாகச் சண்டை போடுங்கள்.

வேலூர்: கல்லீரல் ரிப்போர்ட் அனுப்பட்டுமா?

வேண்டாம், குடல் கல்லீரல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ராசிபுரம் மகள்: சேர்த்துட்டோம் சிஸ்டர். ஒரு மணிக்கு ஒரு தடவை எழுப்பி கையை நீட்டச் சொல்றாங்க. தூங்க விட்டா என்ன?

நல்ல வார்டு. விரல்களை விரித்து நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார்கள், நெற்றியைத் தொட்டு வியர்வை பார்ப்பார்கள், குமட்டுகிறதா, எறும்பு ஊர்கிறதா, இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் ஏறினால் மாத்திரை, இறங்கினால் இடைவெளி. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை மயக்கத்தில் தூங்குகிறாரா, மூச்சு சரியாக இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: பார்க்க வருகிற சித்தப்பா, மாமா யாராவது மடியில் பாட்டில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மாத்திரையின் மேல் சாராயம் போனால் மூச்சு நின்றுவிடலாம்.