மைசூர் காரும் சென்னை எண்ணும்: காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்போது, எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: வேலை மாற்றலாகி மைசூரிலிருந்து வேளச்சேரிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. 2024-இல் வங்கிக் கடனில் வாங்கிய, கே.ஏ. 09 பதிவெண் கொண்ட 1,197 சி.சி. கார் வைத்திருக்கிறேன். பாலிசியில் மைசூர் முகவரிதான் இருக்கிறது. சென்னை என்று சொன்னால் பிரீமியம் ஏறிவிடும், புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். பொறுத்திருக்கலாமா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காப்பீட்டின் பழைய கட்டண அட்டவணையில் சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம், மற்ற ஊர்கள் ‘பி’ மண்டலம். நீங்கள் வசிக்கும் ஊரைப் பார்த்து மண்டலம் முடிவாவதில்லை, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தைப் பார்த்தே முடிவாகிறது. அதனால் முகவரியை மட்டும் மாற்றினால் அந்த அட்டவணைப்படி மண்டலம் மாறாது. தமிழ்நாட்டு எண் வாங்கும்போதுதான் மாறும்.

அப்போதும் எவ்வளவு ஏறும்? காரின் காப்பீட்டு மதிப்பு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு உட்பட்ட உங்கள் வகைக் காருக்கு அந்த அட்டவணையில் ‘பி’ மண்டல விகிதம் 3.191 சதவீதம், ‘ஏ’ மண்டலத்தில் 3.283. வருடத்துக்கு 15,955 ரூபாய்க்குப் பதில் 16,415 ரூபாய், அதாவது 460 ரூபாய் வித்தியாசம். பாலிசியில் ஆறு மாதம் மிச்சமிருந்தால் 230 ரூபாய், நோ க்ளெய்ம் போனஸ் இருந்தால் அதிலும் குறையும். இன்று நிறுவனங்கள் தங்கள் கணக்குப்படி விலை வைப்பதால் தொகை சற்று மாறலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு நாடு முழுக்க ஒரே கட்டணம்தான். இந்தத் தொகைக்காகவா ஐந்து மாதம் தயங்கினீர்கள்?

முகவரி மாற்றத்தை இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மின்னஞ்சலும் வாடகை ஒப்பந்த நகலும் பெரும்பாலும் போதும். பதிலாக வரும் எண்டார்ஸ்மெண்ட் தாளில், மாற்றம் அமலாகும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் மாறும்போது சொல்லப்படும் 14 நாள் கெடுவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு விஷயம். ஆனால் வீடு மாறிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதில் ஏற்கெனவே தாமதித்திருக்கிறீர்கள்.

உண்மையான சிக்கல் பதிவெண்ணில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புது எண் வாங்கியாக வேண்டும். வங்கியின் சம்மதத்தோடு படிவம் 28-இல் மைசூர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 27-உடன் இங்கே விண்ணப்பிப்பீர்கள், வரியும் கட்டுவீர்கள். இவ்வளவும் முடிந்து புது ஆர்.சி. கைக்கு வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். பாலிசி மட்டும் பழைய எண்ணிலேயே கிடக்கிறது.

என்னிடம் வந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. புது எண் வாங்கிய மூன்றாம் வாரம் பள்ளிக்கரணை அருகே பின்னால் வந்த வேன் மோதியது. பணிமனைக்கு வந்த சர்வேயர் கையிலிருந்த பாலிசியில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண். கைபேசி வெளிச்சத்தில் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பாலிசியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதே வண்டிதான் என்று அவர் எழுதிக்கொடுத்தார். க்ளெய்ம் மறுக்கப்படவில்லை. ஆனால் பழைய ஆர்.சி., தடையில்லாச் சான்று, விளக்கக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதில் ஒரு மாதம் போனது. வண்டி அதுவரை பணிமனையிலேயே நின்றது.

உங்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கலாம். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டியிருப்பதால், அது முதல் நிறுவனத்திடம் இருக்கும். அடுத்த வருடம் சொந்தச் சேதக் காப்பீட்டை மலிவான வேறு நிறுவனத்தில் எடுத்திருந்தீர்கள் என்றால் உங்களிடம் இரண்டு பாலிசிகள் உண்டு. இரண்டிலும் எண் மாற வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால், போக்குவரத்துப் போலீசார் புது எண்ணை இணையத்தில் போட்டுப் பார்க்கும்போது மூன்றாம் நபர் காப்பீடு இல்லாததுபோல் தெரியக்கூடும். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். பாலிசி இருக்கிறது என்று நிரூபிக்கும் அலைச்சல் உங்களுடையது.

புது ஆர்.சி. வந்த அன்றே இரு நிறுவனங்களுக்கும் நகலை அனுப்புங்கள். திரும்பி வரும் எண்டார்ஸ்மெண்டில் புது எண்ணோடு, சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கடன் கொடுத்த வங்கியின் பெயரையும் ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள். தட்டச்சில் ஓர் இலக்கம் பிசகுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபாஸ்டேக்கும் பழைய எண்ணில்தான் இருக்கும், அதையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.