கல்லுக்கான 24 மணி நேர சிறுநீர் சோதனை: கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்

கேள்வி: இரண்டாவது தடவை கிட்னியில் கல் வந்துவிட்டது. டாக்டர் 24 மணி நேரம் சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கால்சியம், சிட்ரேட், ஆக்சலேட் எல்லாம் பார்ப்பார்களாம். எப்படிச் சரியாகப் பிடிப்பது? ரிப்போர்ட் வந்தால் எதை வைத்துப் புரிந்துகொள்வது?

பதில்:

நான் ஒரு மருத்துவமனை லேபில், உயிர்வேதியியல் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்தச் சோதனையில் மெஷின் தவறாகக் காட்டுவதைவிட, கேனுக்குள் வர வேண்டிய சிறுநீர் வராமல் போவதுதான் மிக அதிகம். அதனால் பிடிக்கும் முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலையில் எழுந்ததும் முதல் தடவை போகும் சிறுநீரைப் பிடிக்க வேண்டாம், கழிவறையிலேயே விட்டுவிடுங்கள். அது முந்தைய இரவு சேர்ந்தது. அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி என்றால், அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் போகும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள் போக வேண்டும். மறுநாள் காலை அதே 6 மணிக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரையும் பிடித்து ஊற்றினால் முடிந்தது. முதல் நாள் காலையையும் சேர்த்துவிட்டால் இரண்டு இரவுகளின் சிறுநீர் ஒரே நாள் கணக்கில் வந்துவிடும். இரண்டாம் நாள் காலையை விட்டுவிட்டால் ஒரு இரவு முழுக்கக் காணாமல் போய்விடும்.

எங்கள் லேபில் தவறிப்போனதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வது மலம் கழிக்கப் போகும் நேரத்தைத்தான். கூடவே சிறுநீரும் போய்விடும், நினைவே இருக்காது. அதனால் முதலில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் சிறுநீரைப் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் உட்காருங்கள். அடுத்தது வேலைக்குப் போகும் இடம். நடுவில் ஒரு தடவை தவறிவிட்டது என்றால் அதை லேபில் சொல்லிவிட்டு வேறொரு நாள் புதிதாக ஆரம்பிப்பதே நல்லது.

கேனுக்குள் கொஞ்சம் திரவம் ஊற்றிக் கொடுத்திருந்தால் அதைக் கொட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருக்கும். கால்சியம் ஆக்சலேட் ஆறிய சிறுநீரில் படிகமாகி அடியில் தங்கிவிடும். மேலாக எடுத்த சாம்பிளில் இரண்டுமே குறைவாகத் தெரியும். அமிலம் இருந்தால் அவை கரைந்தே இருக்கும். அமிலம் உள்ள கேனுக்குள் நேரடியாகச் சிறுநீர் கழிக்காதீர்கள், தோலில் தெறித்தால் புண்ணாகிவிடும். மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். சில லேபுகள் அமிலம் இல்லாமல், ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படியானால் அந்த வார்த்தையை அப்படியே கடைப்பிடியுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே கிடக்கும் கேனில் கிருமிகள் பெருகும், அவற்றில் சில சிட்ரேட்டைத் தின்றுவிடும். சிட்ரேட் குறைவு என்று வரும் சில ரிப்போர்ட்டுகளுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

எந்த நாளில் பிடிப்பது என்பதும் முக்கியம். வலியோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ, கல் விழுந்த கையோடோ, சிறுநீர்த் தொற்று இருக்கும்போதோ வேண்டாம். அப்போது சாப்பாடும் தண்ணீரும் வழக்கப்படி இருக்காது. சில வாரங்கள் போகட்டும். வீட்டில் இருப்பதால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வேலை நாளில் அரை லிட்டர் தண்ணீர்கூட குடிக்காதவர் ஞாயிறு அன்று இரண்டு லிட்டர் குடிப்பார். கல் உருவாவது வேலை நாளில்தான். முடிந்தால் ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என இரண்டு தடவை கொடுங்கள். அன்றைக்கு மட்டும் வாழைத்தண்டுச் சாறு குடித்து நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம். தினமும் குடிப்பவர் என்றால் அன்றும் குடியுங்கள். வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர் என்றால் அதை டாக்டரிடமும் லேபிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது உடலில் ஆக்சலேட்டாக மாறும்.

சரி, இனி ரிப்போர்ட். முதலில் பார்க்க வேண்டியது கிரியாட்டினின். இது தசையிலிருந்து வருவது, ஒருவருக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அதனால் 24 மணி நேரச் சிறுநீர் முழுமையாக வந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. ரிப்போர்ட்டில் உள்ள கிரியாட்டினின் மில்லிகிராமை உங்கள் எடையால் வகுத்துப் பாருங்கள். ஆண்களுக்குச் சுமாராக கிலோவுக்கு 18 முதல் 24, பெண்களுக்கு 15 முதல் 20 வரை இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் சிறுநீர் விடுபட்டிருக்கிறது, வெகுவாகக் கூடினால் 24 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது. வயதானவர்கள், தசை மெலிந்தவர்கள், எடை மிக அதிகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு சேகரிப்புகளின் கிரியாட்டினினை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல்.

எங்களிடம் வந்த ஒருவரின் கதையைச் சொன்னால் இது தெளிவாகும். 68 கிலோ எடை, நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற வேலை. முதல் ரிப்போர்ட்டில் சிறுநீர் 800 மில்லி, கால்சியம் 150 மில்லிகிராம், ஆக்சலேட் 27, சிட்ரேட் 160. கால்சியமும் ஆக்சலேட்டும் நார்மல் என்று அவருக்கு நிம்மதி. கிரியாட்டினின் 820. அதை 68-ஆல் வகுத்தால் 12. ஆணுக்கு இது மிகவும் குறைவு. விசாரித்ததில், வண்டியை நிறுத்திய இடங்களில் போன சிறுநீர் எதுவும் கேனுக்கு வரவில்லை. மறுபடி பிடிக்கச் சொன்னோம்.

இரண்டாவது தடவை 1.3 லிட்டர், கிரியாட்டினின் 1,430. கிலோவுக்கு 21, இது சரி. இப்போது கால்சியம் 265, ஆக்சலேட் 46, சிட்ரேட் 280. ஆணுக்குக் கால்சியம் 250-ஐத் தாண்டினால் அதிகம் என்று பல லேபுகள் எடுத்துக்கொள்கின்றன. சிலர் 300 என்பார்கள், அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் எல்லையையே பாருங்கள். ஆக்சலேட் 40–45-க்கு மேல் போனால் கவலை. சிட்ரேட் 320-க்குக் கீழே என்றால் குறைவு. நார்மல் என்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவருக்கு மூன்றுமே கோளாறு.

இவர் விஷயத்தில் டாக்டருக்கு ரொம்ப உதவியது சோடியம். அது 215 மில்லிமோல் இருந்தது. 17-ஆல் வகுத்தால் நாளைக்குச் சாப்பிடும் உப்பு கிராமில் சுமாராக வந்துவிடும், ஏறக்குறைய 12.6 கிராம். ஊறுகாய், அப்பளம், கடைச் சாப்பாடு என்று சேர்ந்த உப்பு அது. சோடியம் 100 மில்லிமோல் கூடினால் சிறுநீர்க் கால்சியம் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கூடும். கிட்னி சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகிறது. ஆக, இவருடைய கால்சியம் கூடியதில் பெரும்பங்கு உப்பினால் வந்தது. உங்கள் சோதனைப் பட்டியலில் சோடியம் இல்லையென்றால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்சலேட் 46-க்குக் காரணம் இன்னொன்று. கல் கால்சியத்தால் ஆனது என்று யாரோ சொல்லக் கேட்டு அவர் பால், தயிர், மோரை அறவே விட்டிருந்தார். கீரையோ வாரத்துக்கு நான்கு நாள், அதிலும் பாலக்கீரை. குடலில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தடையில்லாமல் உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு வரும். இத்தாலியில் கால்சியம் ஆக்சலேட் கல் திரும்பத் திரும்ப வந்த, சிறுநீர்க் கால்சியம் அதிகமுள்ள 120 ஆண்களை 5 வருடம் தொடர்ந்து பார்த்து, 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. மற்றவர்களுக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. முதல் குழுவில் 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது, இரண்டாவதில் 12 பேருக்குத்தான். தயிரை நிறுத்தச் சொல்லும் ஆட்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

சிட்ரேட் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு, ஆக்சலேட் பக்கம் போகவிடாமல் தடுக்கும். இறைச்சி அதிகமாகவும் பழம் காய்கறி குறைவாகவும் சாப்பிட்டால் அது குறையும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் உதவலாம், உப்புப் போடாமல் குடியுங்கள். பொட்டாசியம் சிட்ரேட் மருந்து எடுப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், கிட்னி செயல்பாடு குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகிவிடும்.

இவருக்கு டாக்டர் உப்பைக் குறைத்து, மதியச் சாப்பாட்டோடு தயிரைத் திரும்பச் சேர்த்து, பாலக்கீரையை எப்போதாவது என்று மாற்றி, பொட்டாசியம் சிட்ரேட்டும் எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1,400, அதனால் ஒப்பிடலாம். கால்சியம் 218, ஆக்சலேட் 33, சிட்ரேட் 410, சிறுநீர் 2.4 லிட்டர். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு 265 மில்லிகிராம் கால்சியம் 1.3 லிட்டரில் இருந்தது, லிட்டருக்கு 204. இப்போது 218 என்பது 2.4 லிட்டரில், லிட்டருக்கு 91. மொத்தக் கால்சியம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இறங்கியது, செறிவு பாதிக்கும் கீழே போய்விட்டது. படிகம் உருவாவதை முடிவு செய்வது செறிவு. ஆக்சலேட்டும் அதேபோல லிட்டருக்கு 35-லிருந்து 14-க்கு வந்தது. தினசரி சிறுநீர் 2.5 லிட்டராவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க சிறுநீரியல் சங்கம் சொல்வது இதற்காகத்தான். குடிக்கும் தண்ணீர் அல்ல, வெளியே வரும் சிறுநீர். மே மாத வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையாகவே நிறையப் போய்விடும், 3 லிட்டர் குடித்தும் சிறுநீர் ஒன்றரை லிட்டர்தான் வரலாம்.

இந்தச் சோதனையால் உங்கள் கல் எந்த வகை என்று சொல்ல முடியாது. விழுந்த கல் கையில் இருந்தால் அதைக் கல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் சிறுநீரின் பி.எச். அளவுதான் முக்கியம், அதை அமிலம் ஊற்றிய கேனில் அளக்க முடியாது. ரத்தத்தில் கால்சியமும் கூடியிருந்தால் பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் உங்கள் எடை, மொத்தச் சிறுநீர் அளவு, கிரியாட்டினின் மூன்றையும் இங்கே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பிடித்தது முழுமையா என்று முதலில் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற எண்களுக்குப் போகலாம்.