பார்லருக்கு வரும் போன்: விலை, பேரம், புகார், தொல்லை

பியூட்டி பார்லர் வரவேற்பில் போன் எடுப்பவர்களும் கடை நடத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். இரண்டு வரியில் முடிவதை இரண்டு வரியில் முடித்திருக்கிறேன். விலை விவகாரம் மட்டும் நீளும்.

"ஹேர் கலர் எவ்வளவு?" என்று போனில் கேட்கிறார்கள். தொகையைச் சொன்னால், நேரில் வந்தபின் பில்லைப் பார்த்துச் சண்டை. சொல்லாவிட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். என்னதான் சொல்வது? (ஈரோடு வாசகி)

"நேரில் வாங்க மேடம், பார்த்துச் சொல்றோம்" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது மழுப்பலாகத்தான் படும். அதற்காக எடுத்த எடுப்பில் ஒரே தொகையும் சொல்லக்கூடாது. மூன்று கேள்வி கேட்டுவிட்டு, 'இதிலிருந்து இது வரை' என்று சொல்ல வேண்டும். இப்படி:

"சொல்றேன் மேடம். முழு முடிக்கா, வேர்ல தெரியிற நரைக்கு மட்டுமா?"
"முழுசா."
"முடி எதுவரைக்கும் இருக்கு? தோள், பாதி முதுகு, இடுப்பு?"
"பாதி முதுகு இருக்கும்."
"கடைசியா கலரோ மருதாணியோ எப்ப போட்டீங்க?"
"போன மாசம் கறுப்பு மருதாணிப் பொடி."
"சரி மேடம். உங்க நீளத்துக்கு வரியோட சேர்த்து 3,675 ரூபாய்ல இருந்து 4,725 வரைக்கும் ஆகும். அடர்த்தியான முடின்னா 4,725. அதுக்கு மேல போற மாதிரி இருந்தா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம்."

தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 4,725-ஐ இரண்டு முறை சொன்னதைக் கவனியுங்கள். போனில் விலை கேட்பவர் காதில் குறைந்த தொகை மட்டும்தான் நிற்கும், பில் சண்டையே அங்கிருந்துதான் கிளம்புகிறது. வரியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சலூன் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு முன் 18. 4,500-க்கு 225 ரூபாய்தான் வருகிறது, ஆனாலும் பில்லில் புதிதாகப் பார்த்தால் எரிச்சல் வரும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை வரி வாங்கவே கூடாது.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் கேட்காமல் விடுகிறார்கள். கறுப்பு மருதாணி என்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அதன் மேல் கடைக் கலரோ பிளீச்சோ போட்டால் முடி சூடாகி உடையலாம், நிறமும் ஏடாகூடமாக வரலாம். அதனால் அந்தப் பதிலைப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி, கலர் போடுபவரிடம் காட்டிவிடுங்கள். முதல் முறை கலர் போடுபவர் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே ஒருமுறை வரச் சொல்லி, காதுக்குப் பின்னால் துளி கலர் வைத்துப் பார்க்க வேண்டும். "நாளைக்கே கல்யாணம், இன்னிக்குப் போட்டாகணும்" என்பவருக்கு அதனால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு ஹேர் ஸ்பாவோ, சும்மா செட் செய்வதோ சொல்லிப் பாருங்கள்.

"பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய் கம்மி" என்று பேரம் பேசினால்? (திருப்பூர்)

பக்கத்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். "எங்க விலையில பிராடக்ட், வாஷ், பிளோ டிரை எல்லாம் சேர்ந்திருக்கு மேடம். அங்க எதெல்லாம் சேர்த்துச் சொன்னாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றால் போதும். வரவேற்பில் இருப்பவர் தன்னிஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுத்தால் அவர் தங்கையும் சித்தியும் அதே விலையைக் கேட்டு வருவார்கள்.

மணப்பெண் அலங்காரத்துக்கு போனில் தேதி குறிக்கும்போது எதைத் தவறாமல் கேட்க வேண்டும்? (மதுரை)

தேதியைத்தான். சிரிக்காதீர்கள், தவறு நடப்பது அதில்தான். "15-ஆம் தேதி ராத்திரி மூணு மணிக்கு வந்துடுங்க" என்பார் பெண்ணின் அம்மா. 15 விடிவதற்கு முந்தைய மூன்று மணியா, 15-ஆம் தேதி வரவேற்பு முடிந்து 16 விடிவதற்கு முந்தையதா? அவர் மனதில் ஒன்று இருக்கும், நீங்கள் எழுதுவது வேறாக இருக்கும். அதனால் மணியை விட்டுவிட்டு முகூர்த்தத்தைக் கேளுங்கள்: "முகூர்த்தம் என்னைக்கு, என்ன கிழமை, எத்தனை மணிக்கும்மா?"

'16, ஞாயிறு, காலை 6 முதல் 7.30' என்று பதில் வந்தால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 5.30-க்குப் பெண் தயாராக இருக்க வேண்டும். மேக்கப், ஜடை அலங்காரம், புடவைக் கட்டு எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்றால் 3 மணிக்குக் கை வைத்தாக வேண்டும். பிறகு திருப்பிச் சொல்லுங்கள்: "அப்போ 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை 3 மணிக்கு மண்டபத்துல இருப்போம். சனிக்கிழமை ராத்திரி தூங்கி எழுந்தா அந்தக் காலை." இதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்தபின் முன்பணம் வாங்குங்கள். தாலி கட்டுவதற்கு முன் மாற்றும் கூறைப்புடவைக்கும் ஆள் இருக்க வேண்டுமா, பெண்ணின் அக்காவுக்கும் அம்மாவுக்கும் அலங்காரம் உண்டா என்பதையும் இதே போனில் கேட்டுவிடுங்கள். மண்டபத்தில் வைத்துக் கேட்டால் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள்.

நேற்று கலர் போட்டுப் போனவர் "மண்டை எரியுது, உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்று கத்துகிறார். (சென்னை)

கத்தலுக்குப் பதில் சொல்லாமல் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். "முகமோ கண்ணோ வீங்கியிருக்கா மேடம்? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?" ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கூட யாராவது இருக்காங்களா? நாங்க போட்ட பிராடக்ட் பேரை உங்க போனுக்கு அனுப்புறேன், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று உடனே சொல்லிவிட வேண்டும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வீக்கமில்லாத எரிச்சல் என்றாலும், கடைக்காரர் வைத்தியம் சொல்ல வேண்டாம். எண்ணெய் தேய்க்கச் சொல்வதெல்லாம் வம்பு. தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "இது எங்க கலரால இல்லை" என்றும் சொல்லாதீர்கள், "பணத்தைத் திருப்பித் தர்றோம்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் உங்கள் முடிவல்ல. "ஓனர் இன்னிக்கு 4 மணிக்குள்ள கூப்பிடுவாங்க" என்று நேரம் குறித்துச் சொல்லி, 3 மணிக்கே முதலாளிக்கு நினைவூட்டுங்கள்.

ஆண்கள் போன் செய்து "மசாஜ் உண்டா, யார் செய்வா?" என்று அசிங்கமாகப் பேசுகிறார்கள். இன்னொருவர் "என் பொண்டாட்டி அங்க வந்தாளா?" என்கிறார். (கோவை)

முதல் ஆளுக்கு ஒரே வாக்கியம்: "இது பெண்களுக்கு மட்டுமான பார்லர், வைக்கிறேன்." வைத்துவிடுங்கள். திட்டினால் அவருக்கு அது பொழுதுபோக்கு. எண், நாள், நேரம், சொன்ன வார்த்தை நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், திரும்பத் திரும்ப வந்தால் அந்த நோட்டோடு காவல் நிலையத்துக்குப் போகலாம். பெண்களிடம் இப்படிப் பாலியல் நோக்கில் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் குற்றம். 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

இரண்டாவது ஆள் உண்மையிலேயே கணவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போனில் தெரியாது. வந்தார், வரவில்லை, கிளம்பிவிட்டார் எதுவும் சொல்லக் கூடாது. "யார் வந்தாங்கன்னு போன்ல சொல்றதில்லை சார். அவங்க நம்பருக்கே கூப்பிட்டுப் பாருங்க." அந்தப் பெண் உள்ளேயே இருந்தாலும் பதில் இதுதான். போனை வைத்தபின் அவரிடம் போய், இன்னார் கேட்டார் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் பாடு.