இரண்டாவது சலூன்: நாளுக்கு எத்தனை பேர் வந்தால் கட்டும்?

கேள்வி (தர்மபுரி): கிருஷ்ணகிரியில் இரண்டாவது ஆண்கள் சலூன் திறக்க இருக்கிறேன். வாடகை 14,000, மின்சாரம் 4,000, சில்லறைச் செலவு 2,000. உள் அலங்காரம், நாற்காலிகளுக்கு 4,80,000. ஒருவருக்குச் சராசரியாக 200 ரூபாய் வரும். அதில் பாதி வேலையாளின் பங்கு. மாதம் 26 நாள். எத்தனை பேர் வர வேண்டும்?

பதில்: 200 ரூபாயில் ஆளுக்கு 100 போகும். பிளேடு, கிரீம், துண்டு துவைக்க 20. உங்கள் கையில் நிற்பது 80. அலங்காரம் நான்கு ஆண்டு தாங்கும் என்று வைத்தால் மாதம் 10,000. ஆக மாதச் செலவு 30,000; 375 பேர், நாளுக்குப் பதினைந்து பேர் போதும் என்று வரும். இங்கேதான் பலர் பூஜை போட்டுவிடுகிறார்கள்.

தர்மபுரியில் உங்கள் நாற்காலியில் இனி யார் நிற்பார்? ஒரு வாரம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். “அண்ணன் இல்லையா?” என்று கேட்டுத் திரும்புகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். நீங்களே வெட்டும்போது பங்கு போகாது, ஒருவருக்கு 180 நிற்கும்; நாளுக்கு இரண்டு பேர் போனாலே மாதம் 9,360 போச்சு. வேறு ஆளிடம் வெட்டிக்கொள்கிறவர்களின் பணத்திலும் பாதி பங்காகப் போகும். குறைந்தது 10,000 என்று புதுக் கடையின் செலவில் ஏற்றுங்கள். இப்போது 500 பேர், நாளுக்கு இருபது.

கேள்வி (பாலக்கோடு): அட்வான்ஸ் இரண்டு லட்சத்தையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது திரும்பி வரும் பணம். வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் வட்டியை மட்டும் சேருங்கள்.

கேள்வி (அரூர்): போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும்?

பதில்: மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். அது வேறு கணக்கு. முதலில் மாதம் கட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): பெண்கள் அழகு நிலையம் தொடங்கக் கடன் கிடைக்குமா?

பதில்: மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஓசூர்): பங்கு எதற்கு? இரண்டு பேருக்குத் தலா 18,000 சம்பளம் கொடுத்தால் 423 பேரிலேயே கட்டிவிடுகிறதே. நான் அப்படித்தான் நடத்துகிறேன்.

பதில்: கூட்டல் சரிதான். ஆனால் கார்த்திகையில்? மாலை போட்டவர்கள் முடியும் வெட்டமாட்டார்கள், தாடியும் எடுக்கமாட்டார்கள். 300 பேர்தான் வந்தார்கள் என்றால் பங்கு முறையில் நட்டம் 16,000, சம்பளத்தில் 22,000. மாதம் 360 பேருக்குக் கீழே பங்கு நல்லது, மேலே சம்பளம் நல்லது.

ஓசூர்: பங்குக்கு நிற்கிற ஆள் கூட்டம் குறைந்ததும் வேறு கடைக்குப் போய்விடுகிறான். தை முகூர்த்தத்துக்கு ஆள் இருக்காது. அதற்கு என்ன விலை?

பதில்: நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் எண் இல்லை. குறைந்த சம்பளமும் குறைந்த பங்கும் கலந்து சிலர் கொடுக்கிறார்கள். ஆள் தங்குகிறானா என்பது கடைக்குக் கடை மாறுகிறது.

கேள்வி (பர்கூர்): ஜிஎஸ்டி இரண்டு கடைக்கும் தனித்தனியா?

பதில்: ஒரே பான் எண் என்றால் இரண்டு கடை வரவையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் சலூனுக்கு 5 சதவீதம். கிரீம், நாற்காலி வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்க முடியாது. விலையை ஏற்றாமல் நீங்களே கட்டினால் அந்த 80 ரூபாய் ஏறக்குறைய 70 ஆகிவிடும். 500 பேர் போதாது, ஏறக்குறைய 570 வேண்டும்.