தாய் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தும் குட்டிகளுக்குப் புழு வந்தது ஏன்?

கேள்வி: என் நாய் சினையாவதற்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டேன். இப்போது குட்டிகளுக்கு நான்கு வாரம். வயிறு உப்பிக் கிடக்கிறது. ஒரு குட்டி வாந்தியில் நூல் போல நீளமான புழுவைக் கக்கியது. வெளியே விடாத குட்டிகளுக்கு இது எப்படி வந்தது?

பதில்: தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிட்டது. நீங்கள் கொடுத்த மருந்து குடலில் இருந்த புழுக்களைக் கொன்றிருக்கும். தசையிலும் மற்ற உறுப்புகளிலும் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்களை வழக்கமான மாத்திரை தொடுவதில்லை. நாய் சினையாகி ஆறு வாரம் ஆனதும் அவை விழித்துக்கொள்கின்றன. நச்சுக்கொடி வழியாகக் குட்டியின் கல்லீரலுக்குப் போகின்றன. பிறந்த பிறகு பால் வழியாகவும் சில வந்து சேரும்.

கல்லீரலிலிருந்து இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், காற்றுப்பைகளைத் துளைத்து, மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகின்றன. குட்டி அவற்றை விழுங்க, குடலுக்கு வந்து முழுப்புழுவாகின்றன. மூன்று வாரக் குட்டியின் மலத்திலேயே முட்டை வரத் தொடங்கிவிடும். அதற்கு முன் மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால் புழுவையும் சந்தேகிக்கலாம்.

ஒரு தடவை மருந்து போதாது என்பதற்கும் இந்தப் பயணம்தான் காரணம். இன்று குடலில் இருப்பவை சாகும். நுரையீரலில் இருப்பவை அடுத்த வாரம் வந்து இடத்தை நிரப்பும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்கிறோம். உங்களுக்கு முதல் தவணை தவறிவிட்டது. இப்போதே தொடங்கி, ஆறாவது, எட்டாவது வாரங்களிலும் கொடுங்கள். பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

பைரன்டெல் என்றால் ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ குட்டிக்கு 7.5 மில்லிகிராம். ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடை போடுங்கள். கண்ணளவில் ஊற்றினால் சிறியதற்கு அதிகமும் பெரியதற்குக் குறைவும் போய்விடும். புட்டியில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, அளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புழு கக்கிய குட்டி பால் குடிக்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், குடல் அடைத்திருக்கலாம்; உடனே காட்டுங்கள்.

குட்டிகளோடு தாய்க்கும் அதே நாட்களில் மருந்து கொடுங்கள். குட்டிகளின் மலத்தை நக்கிச் சுத்தம் செய்வது தாய்தானே. அதிலும் புழு உள்ளே போகிறது.

முட்டை விழுந்தவுடன் தொற்றாது, மண்ணில் பக்குவமாக இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விட்டுவிட்டால் முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைத்தால், இளம்புழு கண் வரை போகக்கூடும். மண்ணில் விளையாடிய பிறகும் சாப்பிடும் முன்பும் குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் கைகழுவ வையுங்கள்.