ஒரு ரூமுக்கு ஃபால்ஸ் சீலிங்: 75 ரூபாய் கொட்டேஷனா, 110 ரூபாயா?

பெரம்பூரிலிருந்து: அண்ணா, 12க்கு 11 பெட்ரூம். சுத்தி ரெண்டடி பார்டர் ஆறு இன்ச் இறங்கி, நடுவுல உயரம், ஓரத்துல மறைஞ்சு எரியற கோவ் லைட், ஆறு ஸ்பாட் லைட். ஒருத்தர் சதுர அடி 75, இன்னொருத்தர் 110ங்கிறார். ரெண்டும் ஜிப்சம்தான். 75ஐயே கொடுத்துடலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. 75க்காரர் தாளை நீங்கள் அனுப்பிய போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன், கீழே பொடி எழுத்தில் "கோவ் ரன்னிங் அடி 120, லைட் கட்டிங் ஒன்றுக்கு 75" என்று இருக்கிறது. உங்கள் டிசைனில் நடுப்பகுதி 8க்கு 7, அதன் சுற்றளவு 30 அடி. ரூம் 132 சதுர அடிக்கு 9,900, கோவுக்கு 3,600, ஆறு ஓட்டைக்கு 450, ஆக மொத்தம் 13,950. 110க்காரர் கோவும் கட்டிங்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார், அது 14,520. நீங்கள் நினைத்த சதுர அடிக்கு 35 ரூபாய் வித்தியாசம் கடைசியில் மொத்தமே 570 ரூபாய்தான்! பெயின்ட் ரெண்டு பேரும் சேர்க்கவில்லை, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று ரெண்டு பேரும் எழுதவில்லை. 18 சதவீதம் தனியாக வந்தால் கணக்கே மாறிவிடும், முதலில் அதைக் கேளுங்கள்.

அப்புறம் போர்டைத் தாங்கும் தகரச் சேனல். ரெண்டு பேரிடமும் ஒரு அடித் துண்டு கொண்டு வரச் சொல்லி விரலால் அழுத்திப் பாருங்கள். அரை மில்லி கனம் இருந்தால் சுலபத்தில் வளையாது, மெலிசான லோக்கல் சரக்கு பிஸ்கட் டின் மாதிரி நசுங்கும். போர்டு அடிக்கும் சேனல் ஒன்றரை அடிக்கு ஒன்று வர வேண்டும், ரெண்டு அடிக்கு இழுத்தார்கள் என்றால் இன்று தெரியாது, ஒரு வருஷம் கழித்து ராத்திரி கோவ் லைட் போடும்போது சீலிங் அலை அலையாகத் தெரியும். இடைவெளியைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிட்டு, போர்டு மூடும் முன் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூரிலிருந்து: ஆறுக்கு நாலு போர்டு 24 சதுர அடி. 132ஐ வகுத்தா அஞ்சரை, ஆறு போர்டு போதுமே? பொருளை நானே வாங்கி லேபர் மட்டும் கொடுத்தா மிச்சம் இல்லையா சார்?

பிளாட் சீலிங் என்றால் கிட்டத்தட்ட சரி. ஆனால் மேலே சொன்ன டிசைனில் இறங்கும் முகப்பு 15 சதுர அடி, லைட் உட்காரும் உதடு இன்னொரு 15, துண்டு வெட்டும் சேதாரமும் சேர்த்தால் எட்டு போர்டு ஆகும். லேபர் மட்டும் கொடுப்பதில் கொஞ்சம் மிச்சம் வரலாம், மறுக்கவில்லை. ஜாயின்டில் விரிசல் விட்டால் ஆள் போர்டைக் குறை சொல்வார், கடைக்காரர் ஆளைக் குறை சொல்வார், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். எனக்கு அது ஒத்துவராது, உங்களுக்கு நம்பிக்கையான ஆள் இருந்தால் செய்யுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: அப்போ எனக்கு ஏசி ஒரு டன் போதுமா, ஒன்றரையா?

மேடம், இங்கே பேச்சு சீலிங்! ஆனால் ஏசி எங்கே வரப்போகிறது என்பதை சீலிங் மூடும் முன்னே முடிவு பண்ணுங்கள், காப்பர் பைப்பும் டிரெயினும் உள்ளே போக வேண்டும், டிரெயினுக்குச் சரிவு கொடுக்காமல் மூடிவிட்டால் தண்ணீர் போர்டில்தான் இறங்கும்.

வேளச்சேரியிலிருந்து: மேல் மாடி, போன மழையில் கூரையில் ஈரம். பச்சை போர்டு வாட்டர்ப்ரூஃப்னு சொல்றாங்க, போட்டுடலாமா?

பச்சை போர்டு காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், சொட்டும் தண்ணீரைத் தாங்காது. பிவிசி பேனல் போட்டால் பேனல் கெடாது, அதுதான் ஆபத்தே, மேலே கான்கிரீட் ஊறிக் கம்பி துருப்பிடிப்பது உங்கள் கண்ணுக்கே தெரியாது. மொட்டை மாடியைச் சரி பண்ணிவிட்டு ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துவிட்டு சீலிங் போடுங்கள்.

மறுபடியும் பெரம்பூர்: சரிண்ணா. கோவ் ஸ்ட்ரிப்புக்கு எலக்ட்ரீஷியன் ரெண்டு ரோல், அதுக்குக் கரன்ட் கொடுக்க ஒரு 60 வாட் டிரைவர் எழுதியிருக்கார், சரியா?

ரோல் கணக்கு சரி. 30 அடி என்பது ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ரோல் ஐந்து மீட்டர். டிரைவர்தான் பத்தாது. மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் என்றால் 90 வாட் தாண்டும், 120 வாட் டிரைவர் போடச் சொல்லுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்றால் ரெண்டு ரோலையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்க்காமல் டிரைவரிலிருந்து தனித்தனி வயர் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி மூலை மங்கலாக எரியும். டிரைவரைக் கோவ் உதட்டின் மேல், ஏணி போட்டால் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். என் தங்கை வீட்டில் அதை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள், எட்டு மாதத்தில் போய்விட்டது, 800 ரூபாய் டிரைவரை மாற்ற சீலிங்கை வெட்டி, பட்டி பார்த்து, முழு பார்டருக்கும் பெயின்ட் அடித்தோம்.